ஐம்பத்து மூன்றாவது சனிக்கிழமை: கொடுபட வேண்டிய கூலியும் மின்கட்டணமும் குறித்து

1. கேள்வி

மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கும்போது, அதுவரை செய்த வேலைக்குக் கொடுக்காத கூலியையும், எரித்துவிட்டுப் பில் வராத மின்சாரத்தையும் அந்த ஆண்டின் செலவாகவே எழுத வேண்டும் என்பது கணக்குப்பதிவியலின் பாலபாடம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இதைச் சரிக்கட்டுப் பதிவுகளில் ஒன்றாகக் கற்பிக்கின்றன. கொடுபட வேண்டிய கூலியை வியாபாரக் கணக்கில் கூலியோடு கூட்டு. இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகக் காட்டு. இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்த மாணவர்களே பின்னாளில் மதுரையின் பட்டறைகளுக்கும் மில்களுக்கும் கணக்கு எழுதுகிறார்கள்.

ஆனால் சிறு தொழில்களில் இந்தப் பதிவு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம் அறியாமையிலிருந்து வந்ததல்ல. அது ஒரு வாதம். இந்த மார்ச்சின் கூலி ஏப்ரலில் செலவாகிறது என்றால் போன மார்ச்சின் கூலியும் இந்த ஏப்ரலில்தான் செலவானது. ஒரு பக்கம் விட்டது மறுபக்கம் சேர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு சரியாகிவிடும்போது இரண்டு பதிவை எழுதி, பிறகு அவற்றைத் திருப்பி எழுதுவது எதற்கு? இந்த வாதம் எந்த நிபந்தனைகளில் செல்லும், எங்கே உடைகிறது என்பதை மதுரைப் பகுதியில் வழக்கமாக உள்ள வாரக்கூலியையும் இரண்டு மாத மின்ரீடிங்கையும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இருக்கும் புரிதல்கள்

சட்டத்தின் பார்வை நிறுவனத்தின் வடிவத்தைப் பொறுத்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 128இன் கீழ், கம்பெனி ஒவ்வொன்றும் தன் கணக்கை இரட்டைப் பதிவு முறையில், செலவு உருவான காலத்திலேயே பதியும் அடிப்படையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே இது விருப்பம் அல்ல. தனிநபர் தொழிலுக்கும் கூட்டாண்மைக்கும் 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், பிரிவு 145, ரொக்க முறை, மெர்கன்டைல் முறை இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து பின்பற்ற இடம் கொடுத்தது. நடைமுறையில் பல பட்டறைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன: கடன் கொள்முதலையும் கடன் விற்பனையையும் மெர்கன்டைல் முறையில் எழுதுவார்கள், கூலியையும் கரண்ட் பில்லையும் பணம் கொடுத்த அன்று எழுதுவார்கள். அந்த ஏட்டில் எந்த முறையும் முழுதாக இல்லை.

ஆண்டுமுடிவு நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல்தான் வருமானவரிக்கு எல்லோருக்கும் மார்ச் 31 பொது முடிவு நாள் ஆனது. அதற்குமுன் வணிகர் தம் கணக்காண்டைத் தீபாவளியிலோ சித்திரை முதல் நாளிலோ தொடங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன் கூலியும் போனஸும் தீர்த்துவிடுவது தொழில் வழக்கம் என்பதால், அந்த நாளில் முடியும் கணக்கில் கொடுபட வேண்டிய கூலி இயல்பாகவே சிறுத்திருக்கும் என்று கருத இடமுண்டு. மார்ச் 31க்கு அப்படிப்பட்ட இயல்பு கிடையாது. அது வாரத்தின் எந்த நாளிலும் வரும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஆண்டை வெட்டும்.

கூலி நிலுவை என்பது கணக்கரின் கண்டுபிடிப்பும் அல்ல. ஹார்வி மில் போன்ற ஆலைகள் மதுரையில் வளர்ந்த காலத்தில், இந்தியத் தொழிலகங்களில் கூலியைப் பிடித்து வைத்துத் தாமதமாகக் கொடுப்பது பரவலாக இருந்தது. 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம் இதைக் கவனித்தது. அதன் தொடர்ச்சியாக 1936இல் கூலி வழங்கல் சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிலகம் மாதக்கூலியை மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. பெரியவற்றுக்குப் பத்து நாள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கூலிகள் சட்டத்தொகுப்பு வாரக்கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே கொடுக்கச் சொல்கிறது. இந்த விதிகள் நிலுவையின் நீளத்துக்கு எல்லை கட்டுகின்றன, நிலுவையை ஒழிப்பதில்லை. தொழிலாளி திங்கள் முதல் சனி மாலை வரை முதலாளிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார். ஆண்டு அந்த நடுவாரத்தில் முடிந்தால், அந்தக் கடன் இருப்புநிலைக் குறிப்பில் தெரிய வேண்டும்.

3. வாரக்கூலியும் நாட்காட்டியும்

கப்பலூரிலோ கே.புதூரிலோ உள்ள தொழிற்பேட்டையில் இருக்கக்கூடிய ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். 24 பேர், சராசரி நாள்கூலி 550 ரூபாய், ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை மாலை பட்டுவாடா. ஒரு நாள் கூலி 13,200 ரூபாய், ஒரு வாரத்துக்கு 79,200. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. பண்டிகை விடுமுறைகளையும் வராத நாட்களையும் எளிமைக்காக ஒதுக்கிவிடுகிறேன். நாட்காட்டி மட்டும் உண்மையானது.

2023 மார்ச் 31 வெள்ளிக்கிழமை. அந்த வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் வேலை முடிந்துவிட்டது. பட்டுவாடா மறுநாள், ஏப்ரல் 1 சனிக்கிழமை. ஆக மார்ச் 31 அன்று 66,000 ரூபாய் கொடுபட வேண்டிய கூலி. ஓராண்டு முன்னால், 2022 மார்ச் 31 வியாழக்கிழமை; அன்று நிலுவை நான்கு நாள், 52,800 ரூபாய். ஓராண்டு பின்னால், 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் பட்டுவாடா முடிந்துவிட்டது, நிலுவை எதுவுமில்லை.

இப்போது பணம் கொடுத்த நாளில் மட்டும் செலவெழுதும் பட்டறையைப் பார்ப்போம். 2022-23இல் 52 சனிக்கிழமைகள். 2023-24இல் ஏப்ரல் 1 முதல் சனி, மார்ச் 30 கடைசிச் சனி, எண்ணினால் 53. முதல் ஆண்டில் 312 நாள் கூலியும், அடுத்த ஆண்டில் 318 நாள் கூலியும் செலவாகப் பதிவாகின்றன. ரூபாயில் சொன்னால் 41,18,400 ஒரு பக்கம், 41,97,600 மறுபக்கம். உரிமையாளர் ஏட்டைப் புரட்டினால் கூலிச் செலவு 79,200 ரூபாய் ஏறியிருப்பதாகத் தெரியும்.

ஆனால் எதுவும் ஏறவில்லை. இரண்டு ஆண்டிலும் ஞாயிறு நீங்கிய வேலை நாட்கள் சரியாக 313. நிலுவையைக் கணக்கில் எடுத்தால் இது தெளியும். 2022-23இல் கொடுத்த 312 நாளிலிருந்து முந்தைய ஆண்டுக்குரிய 4 நாளைக் கழித்து, இந்த ஆண்டுக்குரிய 5 நாளைக் கூட்டினால் 313. 2023-24இல் கொடுத்த 318இலிருந்து 5ஐக் கழித்தால், கூட்ட எதுவுமில்லை, 313. இரண்டு ஆண்டுக்கும் கூலிச் செலவு 41,31,600. வேலையாளும் கூலி விகிதமும் மாறாதபோது செலவும் மாறவில்லை என்று சொல்லும் ஏடு இதுதான்.

“ஆண்டுக்கு ஆண்டு சரியாகிவிடும்” என்ற வாதம் உடையும் இடம் இங்கே. ஒவ்வொரு ஆண்டுமுடிவிலும் நிலுவை ஒரே அளவாக இருந்தால்தான் விட்டதும் சேர்ந்ததும் ஈடாகும். மாதச் சம்பளம் வாங்கும், ஆள் எண்ணிக்கையும் ஊதியமும் மாறாத அலுவலகத்தில் இது ஓரளவு பொருந்தும். ஒவ்வொரு ஆண்டிலும் பன்னிரண்டு பட்டுவாடா இருக்கும். வாரக்கூலியில் நிலுவை பூஜ்யத்துக்கும் ஐந்து நாளுக்கும் இடையே நாட்காட்டியோடு நகர்கிறது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பத்து மூன்றாவது சனிக்கிழமை ஒன்று வந்து சேர்கிறது. ஆள் கூடினாலோ கூலி உயர்ந்தாலோ விலகல் இன்னும் விரியும்.

இந்தப் பதிவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது முன்பணம். மதுரைப் பட்டறைகளில் தொழிலாளர் வாங்கிய முன்பணத்தை வாராவாரம் கூலியில் பிடிப்பது சாதாரணம். சனிக்கிழமை கையில் போகும் தொகையைப் பார்த்து நிலுவையை மதிப்பிட்டால் குறைவாக வரும். செலவு என்பது வேலைக்குரிய முழுக் கூலி. முன்பணப் பிடித்தம் தொழிலாளியிடமிருந்து வர வேண்டிய கடனின் வசூல். இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டாவது, கூலியோடு சேர்ந்து பிறக்கும் பொறுப்புகள். 66,000 ரூபாய்க்கு வருங்கால வைப்புநிதியில் முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 13 விழுக்காடு, 8,580 ரூபாய். இஎஸ்ஐ முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, 2,145 ரூபாய். கூலியை மட்டும் எழுதி இவற்றை விட்டால் நிலுவையில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அதே நேரம், இந்த 66,000 முழுதும் இலாபத்தைக் குறைக்கும் என்று நினைப்பதும் பிழை. மார்ச் கடைசி வாரத்தில் உருவான பண்டங்களில் ஒரு பகுதி இறுதிச் சரக்கிருப்பில் இருக்கும். சரக்கிருப்பு மதிப்பில் உற்பத்திக் கூலி சேர வேண்டும் என்பது கணக்கு நியமம் 2. ஆகவே நிலுவைக் கூலியில் ஒரு பங்கு சரக்கோடு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். பொறுப்பு மட்டும் முழுதாக நிற்கும்.

4. மின்சாரம்: ஒரே ரீடிங், மூன்று மதிப்பீடுகள்

கூலியில் எண்ண வேண்டியது நாள். வருகைப் பதிவேடு இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. மின்சாரத்தில் மதிப்பீடு தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புகளுக்கு மாதந்தோறும் பில் வருகிறது. வீடுகள், கடைகள், சிறு பட்டறைகள் போன்ற தாழ்வழுத்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். அந்த நாள் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேறு. மார்ச் 31 அன்று எந்த ரீடிங்காரரும் வருவதில்லை.

நம் பட்டறையில் பிப்ரவரி 20இலும் ஏப்ரல் 20இலும் ரீடிங் எடுக்கப்பட்டது என்று கொள்வோம். இடையில் 59 நாள். அதில் மார்ச் 31 வரை 39. ஏப்ரலில் வந்த பில் 59,000 ரூபாய்: இணைப்புச் சுமைக்கான நிலைக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு 3,000, யூனிட்டுக்கு 7 ரூபாய் வீதம் 8,000 யூனிட்டுக்கு 56,000. வீதங்கள் எடுத்துக்காட்டுக்கானவை, மின்வரியும் பிற கூடுதல்களும் சேர்க்கப்படவில்லை.

முதல் வழி, முந்தைய பில்லைப் பார்ப்பது. டிசம்பர் 20 முதல் பிப்ரவரி 20 வரை 62 நாளுக்கு 49,600 ரூபாய் வந்திருந்தால் நாளுக்கு 800. 39 நாளுக்கு 31,200. இரண்டாவது, ஏப்ரல் பில் வரும்வரை காத்திருந்து நாள்கணக்கில் பிரிப்பது. நாளுக்கு 1,000 வீதம் 39,000. மூன்றாவது, மார்ச் 31 மாலை வேலை முடிந்ததும் மீட்டரைத் தாமே பார்த்து எழுதிவைப்பது. பிப்ரவரி 20க்குப் பிறகு அதுவரை 5,900 யூனிட் ஓடியிருந்தால் அதற்கு 41,300. நிலைக் கட்டணம் மட்டும் நாள்கணக்கில், 3,000இல் 59க்கு 39 பங்கு, 1,983. மொத்தம் 43,283.

மூன்று வழிகளுக்கும் இடையே 12,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். காரணம் எளியது. மார்ச் மாதத்தில் ஆண்டுமுடிவு ஆர்டர்களால் இயந்திரங்கள் கூடுதலாக ஓடுகின்றன. ஏப்ரல் முதல் பாதியில் வேலை தளர்கிறது. முந்தைய பில் குளிர்மாதச் சராசரியை மார்ச்சுக்குத் திணிக்கிறது. நாள்கணக்கு, மார்ச்சும் ஏப்ரலும் ஒரே வேகம் என்று கருதுகிறது. ரீடிங் மட்டுமே உண்மையில் எரிந்ததைச் சொல்கிறது. நிலைக் கட்டணம் காலத்தைச் சார்ந்தது, யூனிட் கட்டணம் ஓட்டத்தைச் சார்ந்தது என்று இரண்டையும் பிரிப்பதுதான் இங்கே முக்கியம்.

உயரழுத்த இணைப்புள்ள நூற்பாலைகளில் சிக்கல் வேறு. அங்கே மாத பில் என்பதால் நாள் விலகல் குறைவு. ஆனால் யூனிட்டை மட்டும் பெருக்கி நிலுவை எழுதினால் போதாது. அதிகபட்சத் தேவைக்கான கட்டணமும் உச்சநேரக் கூடுதலும் உண்டு. மார்ச்சில் எந்த ஒரு நாளிலாவது ஒப்பந்தத் தேவையைத் தாண்டியிருந்தால் அதன் கூடுதல் கட்டணம் முழுதும் மார்ச்சுக்கே உரியது. மீட்டரின் பதிவைப் பார்க்காமல் முந்தைய மாத பில்லை அப்படியே திருப்பி எழுதும் கணக்கர் இதைத் தவறவிடுவார்.

ஏப்ரல் 20இல் வந்த பில்லை மார்ச் கணக்குக்குப் பயன்படுத்தலாமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும். இருப்புநிலை நாளுக்குப் பின் கிடைக்கும் தகவல், அந்த நாளில் ஏற்கெனவே இருந்த நிலைக்குச் சான்றாக இருந்தால் அதைக் கொண்டு கணக்கைத் திருத்த வேண்டும் என்பது கணக்கு நியமம் 4. மார்ச்சில் எரிந்த யூனிட்டைப் பற்றி ஏப்ரல் பில் சொல்வது அப்படிப்பட்ட சான்றே.

5. ஏப்ரலில் நிகழும் பிழைகள்

சரிக்கட்டுப் பதிவு மார்ச் 31 தேதியில் இப்படி அமையும்: கூலிக் கணக்குப் பற்று 66,000, கொடுபட வேண்டிய கூலிக் கணக்கு வரவு 66,000. ஏப்ரல் 1 பட்டுவாடாவில் 79,200 ரொக்கம் போகும்போது, 66,000 கொடுபட வேண்டிய கூலிக்குப் பற்று. மீதி 13,200, அதாவது சனிக்கிழமையின் ஒரு நாள் கூலி, புதிய ஆண்டின் கூலிக்குப் பற்று. இதற்குப் பதில் ஏப்ரல் 1 காலையில் மார்ச் பதிவையே திருப்பி எழுதிவிட்டு, பட்டுவாடா முழுதையும் வழக்கம்போல் கூலிக்கு எழுதலாம். விளைவு ஒன்றே. பட்டுவாடா எழுதுபவர் வேறு, ஆண்டுக் கணக்கு முடிப்பவர் வேறு என்ற இடங்களில் இரண்டாவது வழி பாதுகாப்பானது.

ஆபத்து, இரண்டையும் செய்யாமல் விடுவது. மார்ச் பதிவை ஆடிட்டர் அலுவலகம் செப்டம்பரில் போட்டிருக்கும். பட்டறையின் கணக்கரோ ஏப்ரலிலேயே 79,200 முழுதையும் கூலியில் எழுதி முடித்திருப்பார். அப்போது அதே ஐந்து நாள் கூலி இரு ஆண்டுகளிலும் செலவாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க நம் எடுத்துக்காட்டில் நாட்காட்டியே உதவுகிறது. 2024 மார்ச் 31 ஞாயிறு. அன்று வாரக்கூலி நிலுவை இருக்கவே முடியாது. அன்றும் பேரேட்டில் 66,000 நின்றால், அது தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய பணம் அல்ல, திருப்பப்படாத பதிவின் எச்சம். ஆண்டுதோறும் ரூபாய் மாறாமல் தொடரும் எந்தக் கொடுபட வேண்டிய தொகையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

டேலி பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: அதில் Reversing Journal என்றொரு வவுச்சர் இருக்கிறது. பெயரைப் பார்த்து, மார்ச்சில் போட்டால் ஏப்ரலில் தானே திரும்பிவிடும் என்று நம்பி அதில் நிலுவையை எழுதுவோர் உண்டு. அது Scenario அறிக்கைகளுக்கான தற்காலிக வவுச்சர். உண்மையான பேரேட்டைத் தொடாது. நிலுவையையும் அதைத் திருப்புவதையும் சாதாரண Journal வவுச்சரில், F7இல், இரண்டு தேதியில் எழுத வேண்டும்.

6. எது நிலுவை, எது இன்னும் உருவாகாத பொறுப்பு?

செய்த வேலைக்குரிய, விகிதம் தெரிந்த கூலி வேறு. பேச்சுவார்த்தையில் இருக்கும் கூலி உயர்வு வேறு. தொழிற்சங்கம் மார்ச்சில் உயர்வு கேட்டிருக்கிறது, முன்தேதியிட்டுக் கிடைக்கலாம் என்பதற்காக அந்தத் தொகையை நிலுவையில் சேர்க்கலாமா? சுதேசி காட்டன் அண்ட் ஃப்ளோர் மில்ஸ் வழக்கில் 1947ஆம் ஆண்டுக்கான போனஸ் 1949இல் தொழில் தீர்ப்பாயத்தின் தீர்ப்பால் முடிவானது. மெர்கன்டைல் முறையில் கணக்கு வைத்திருந்தாலும், பொறுப்பு உருவானது 1949இல்தான் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபுறம், சட்டமே நேரடியாக விதிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மறுத்து வழக்காடினாலும், ஏட்டில் எழுதாவிட்டாலும், அது அந்த ஆண்டுக்கே உரியது என்பது 1971இன் கேதார்நாத் ஜூட் வழக்கு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எல்லை புலப்படும்: தொகை துல்லியமாகத் தெரியாதது தடையல்ல, கொடுக்க வேண்டிய கடமை பிறந்ததா என்பதே கேள்வி. மின்பில் வராதபோது தெரியாதது தொகை மட்டுமே. உயர்வுக் கோரிக்கையில் கடமையே இன்னும் பிறக்கவில்லை.

செலவாக எழுதுவதும் வரிக்கழிவாகப் பெறுவதும் ஒன்றல்ல. கூலியும் மின்கட்டணமும் நிலுவையாக எழுதிய ஆண்டிலேயே கழிவாகும். வைப்புநிதியில் முதலாளி பங்கோ 1961 சட்டத்தின் பிரிவு 43பி வரம்புக்குள் வந்ததால், வருமான அறிக்கை தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலுத்தியிருந்தால்தான் அந்த ஆண்டுக் கழிவு. தொழிலாளியிடம் பிடித்த பங்குக்கு அந்தச் சட்டம் இன்னும் கறாராக இருந்தது. வைப்புநிதிச் சட்டம் சொன்ன கெடுவிலேயே செலுத்தாவிட்டால் கழிவு கிடையாது என்று 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வரிக்கழிவு தள்ளிப்போகும் என்பது நிலுவையை எழுதாமல் விடக் காரணமாகாது; ஏட்டில் செலவு, வரிக்கணக்கீட்டில் கூட்டல் என்று தனித்தனியாகக் காட்டுவதே முறை.

7. மதிப்பீடு

தொடக்கத்தில் கண்ட வாதத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். நிலுவை ஆண்டுதோறும் சமமாக இருந்தால் இலாபத்தில் பிழை வராது என்பது சரி. ஆனால் அந்த நிலையிலும் இருப்புநிலைக் குறிப்பு ஒருபோதும் சரியாவதில்லை என்பதை அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. இலாபப் பிழை அடுத்த ஆண்டு எதிர்த்திசையில் திரும்பும். விடுபட்ட பொறுப்பு ஒவ்வொரு மார்ச் 31இலும் விடுபட்டே இருக்கும்.

நம் பட்டறையின் 2023 மார்ச் நிலுவைகளைக் கூட்டினால் கூலி 66,000, அதைச் சார்ந்த பங்களிப்புகள் 10,725, மின்சாரம் 43,283, மொத்தம் 1,20,008. அந்த நாளில் நடப்புச் சொத்து 9,00,000, ஏட்டில் கண்ட நடப்புப் பொறுப்பு 6,60,000 என்றால் விகிதம் 1.36. நடைமுறை மூலதனக் கடனில் வங்கிகள் நெடுங்காலமாக எதிர்பார்த்துவந்த 1.33ஐ அது தாண்டியிருக்கிறது. விடுபட்டதைச் சேர்த்தால் 1.15. கடன் கொடுப்பவர் படிக்கும் பட்டறையும் உண்மையில் இருக்கும் பட்டறையும் வேறு வேறு.

ஆகவே இந்தப் பதிவை எழுதுவதா வேண்டாமா என்பதைத் தொகையின் சிறுமையை வைத்து முடிவு செய்வது தவறான அளவுகோல். கேட்க வேண்டியவை இரண்டே: சென்ற மார்ச் 31இன் நிலுவையும் இந்த மார்ச் 31இன் நிலுவையும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடுகின்றனவா? இந்த இருப்புநிலைக் குறிப்பை நம்பி யாராவது முடிவெடுக்கப் போகிறார்களா? தன் காசில் தொழில் செய்து, மாதச் சம்பளம் கொடுத்து, கடன் வாங்காத சிறு தொழிலுக்கு இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்றால், பதிவை விடுவதால் பெரிய நட்டமில்லை. வாரக்கூலியும் இரண்டு மாத மின்ரீடிங்கும் வங்கிக் கடனும் உள்ள பட்டறைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தேவைப்படும் கூடுதல் உழைப்பும் மிகுதியல்ல: மார்ச் 31இன் கிழமையைப் பார்ப்பது, வருகைப் பதிவேட்டில் அந்த வாரத்தின் நாட்களை எண்ணுவது, மாலையில் மீட்டரைப் பார்த்து எண்ணைத் தேதியோடு எழுதிவைப்பது. இம்மூன்றில் மீட்டர் ரீடிங் மட்டும் அன்றே எடுக்க வேண்டியது. மற்றவற்றைச் செப்டம்பரிலும் கண்டுபிடிக்கலாம், அதைக் கண்டுபிடிக்க முடியாது.